ஜனவரியில் திரும்பி வரும் ரசீதுகள்: வருமான வரி ஃபோல்டரில் என்ன பழுது, எப்படிச் சரிசெய்வது

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஊழியர்கள் தரும் ஆதாரங்களைச் சரிபார்த்து டிடிஎஸ் கணக்குப் போடுவது என் வேலையில் ஒரு பகுதி. ஜனவரி வந்தால் அதுவே முழு வேலை. சாயங்காலம் சத்துவாச்சாரியில் வீட்டுக்கு வந்தாலும் அக்கம்பக்கத்தார் "என் ரசீதை ஆபீஸில் ஏன் ஏற்கவில்லை?" என்ற கேள்வியோடு செல்போனை நீட்டுவார்கள். எல்லோரிடமும் கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர் இருக்கிறது, வருஷம் முழுக்க அதில் எதையாவது போட்டுக்கொண்டேதான் வருகிறார்கள். இருந்தும் பாதி செல்லாமல் போகிறது. ரசீதைத் தொலைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ரசீது என்று நினைத்து வேறெதையோ சேமித்தவர்களும், வேறு ஆள் பெயரிலோ வேறு வருஷத்திலோ உள்ள ரசீதை வைத்திருப்பவர்களும்தான் அதிகம்.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாமல் வீட்டிலேயே பார்க்கக்கூடியது முதலில், ஆடிட்டர் வரை போகவேண்டியது கடைசியில். உதாரணங்கள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு, அதாவது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை.

எதையும் தொடும் முன்: நீங்கள் எந்த வரிமுறையில் இருக்கிறீர்கள்?

2023-24 முதல் புதிய வரிமுறைதான் தானாக அமையும். அதில் எல்ஐசி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, வாடகை எதற்கும் கழிவு கிடையாது, பழைய முறையில்தான் உண்டு. ஆபீஸில் எதையும் தேர்வு செய்யாமல் விட்டிருந்தால் உங்களுக்குப் புதிய முறையில்தான் டிடிஎஸ் பிடித்துக்கொண்டிருப்பார்கள். சம்பளச் சீட்டிலோ படிவம் 16-லோ பாருங்கள். புதிய முறையே உங்களுக்கு லாபம் என்றால், ஆபீஸில் திருப்பி வாங்கவேண்டிய செலவு ரசீதுகளுக்கான பகுதியை மட்டும் கீழே படித்தால் போதும். வியாபார வருமானம் இல்லாத சம்பளக்காரர் ரிட்டர்ன் போடும்போது வருஷாவருஷம் முறையை மாற்றிக்கொள்ளலாம். அதனால் இரண்டில் எது லாபம் என்று தெரியாதவர்கள் ரசீதுகளைச் சேர்த்துத்தான் ஆகவேண்டும்.

## அறிகுறி 1: ஃபோல்டர் நிறைய இருக்கிறது, "இது ரசீது இல்லை" என்று திருப்பி அனுப்புகிறார்கள்

ஃபோல்டரைத் திறந்தால் பச்சை டிக் போட்ட யூபிஐ ஸ்க்ரீன்ஷாட்கள் வரிசையாக நிற்கும். "பணம் கட்டிட்டேன் சார், இதோ டிக் வந்திருக்கே" என்பார்கள். பணம் உங்கள் கணக்கிலிருந்து போனதற்கு அது சாட்சி, அவ்வளவுதான். எதற்காகப் போனது, யாருடைய பாலிசிக்கு, எந்தப் பிள்ளையின் எந்தக் கட்டணத்துக்கு என்பதெல்லாம் அதில் இருக்காது. பணம் வாங்கியவர் தரும் ரசீதில்தான் இருக்கும்.

ஸ்க்ரீன்ஷாட்டை அழித்துவிடாதீர்கள். அதிலுள்ள தேதியும் தொகையும்தான் உண்மையான ரசீதைத் தேட உதவப்போகின்றன.

### அ. ரசீது உங்கள் மெயிலிலேயே இருக்கலாம்

பத்தில் ஆறேழு பேருக்கு இங்கேயே முடிந்துவிடும். ஜிமெயில் தேடல் பெட்டியில் இதை அப்படியே போடுங்கள்:

```
in:anywhere has:attachment filename:pdf after:2025/04/01 before:2026/04/01 (premium OR receipt OR fees)
```

`in:anywhere` இருந்தால் ஸ்பேமும் குப்பைக்கூடையும் சேர்த்துத் தேடும். இந்த இரண்டிலும் கிடப்பவை 30 நாளில் தானாக அழிந்துவிடும் என்பதால், பணம் கட்டிய வாரத்திலேயே தேடுவது நல்லது. எதுவும் வரவில்லை என்றால் `has:attachment filename:pdf` என்ற பகுதியை எடுத்துவிட்டு மறுபடி தேடுங்கள். சில நிறுவனங்கள் இணைப்பு அனுப்பாமல் மெயிலுக்குள்ளேயே ரசீதை எழுதிவிடுகின்றன. அப்படியானால் அந்த மெயிலை அச்சிடக் கொடுத்து, பிரிண்டருக்குப் பதில் பிடிஎஃப் ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

### ஆ. வாட்ஸ்அப்பில் வந்து, இறக்காமல் கிடக்கலாம்

நம் ஊர்ப் பள்ளிகளும் காப்பீட்டு ஏஜென்ட்டுகளும் வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள். சாட்டில் ஃபைல் பெயர் தெரிகிறது என்பதாலேயே அது உங்கள் போனில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் இன்னும் இறங்கவில்லை. நாள்பட்டுத் தட்டினால் "மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்" என்று வரும். இறங்கிய ஃபைல்கள் ஆண்ட்ராய்டில் இந்த இடத்தில் இருக்கும்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Documents
```

### இ. பணம் வாங்கியவரின் தளத்திலிருந்து எடுக்கவேண்டியிருக்கலாம்

எல்ஐசி வாடிக்கையாளர் தளத்தில் பாலிசிகளைப் பதிவு செய்து வைத்திருந்தால், ஒரு நிதியாண்டில் கட்டிய எல்லாப் பிரீமியத்துக்கும் சேர்த்து ஒரே சான்றை எடுத்துவிடலாம். பன்னிரண்டு மாத ரசீதைத் தேடி அலையவேண்டாம். மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களும் இதற்கென்றே 80டி சான்று தருகின்றன. வீட்டுக் கடனுக்கு வங்கி தரும் வட்டிச் சான்றில் அசல், வட்டி இரண்டும் தனித்தனியாக இருக்கவேண்டும். மாதத் தவணை எஸ்எம்எஸ்ஸில் அந்தப் பிரிப்பு கிடையாது.

பள்ளிக் கட்டணத்துக்கு ஒரு படி கூடுதல் வேலை இருக்கிறது. 80சி-யில் கழிவு கிடைப்பது கல்விக் கட்டணத்துக்கு மட்டும். வேன் கட்டணம், வளர்ச்சி நிதி, நன்கொடை எதுவும் சேராது. இரண்டு பிள்ளைகள் வரைதான். "Fees 62,000" என்று ஒற்றை வரியில் இருக்கும் ரசீதை நான் திருப்பித்தான் அனுப்புவேன், எனக்கு வேறு வழியில்லை. பள்ளி அலுவலகத்தில் கல்விக் கட்டணத்தைத் தனியே பிரித்துக்காட்டும் சான்று கேளுங்கள். ஜூனிலேயே கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஜனவரியில் போனால் உங்களுக்கு முன்னால் ஒரு வரிசை நிற்கும்.

### ஈ. பணம் வேறொருவர் கையிலிருந்து போயிருக்கலாம்

இது ரசீதைப் பார்த்தால் தெரியாது. குடியாத்தத்துக்காரர் ஒருவருடைய விஷயத்தைச் சொன்னால் புரியும்.

அவருடைய அப்பாவுக்கு வயது 66, அம்மாவுக்கு 61. இருவருக்கும் சேர்த்து ஒரே மருத்துவக் காப்பீடு, பிரீமியம் 38,400 ரூபாய். மூத்த குடிமக்களான பெற்றோருக்குக் கட்டினால் 50,000 வரை கழிவு உண்டு என்பதால் முழுத் தொகையும் அடங்கும். இவர் 20 சதவீத அடுக்கில் இருக்கிறார். செஸ்ஸோடு சேர்த்தால் ஏறக்குறைய 8,000 ரூபாய் வரி மிச்சம். ஃபோல்டரில் பாலிசியும் இருந்தது, 80டி சான்றும் இருந்தது. ஆனால் சான்றில் முன்மொழிந்தவர் என்று அப்பாவின் பெயர். சரி, பெற்றோர் பெயரில் பாலிசி இருப்பதில் தவறில்லை, பணம் கட்டியது யார் என்பதுதான் கேள்வி. வங்கிக் கணக்கைப் பார்த்தோம். மகன் அப்பா கணக்குக்கு 40,000 அனுப்பியிருந்தார். அப்பா அதிலிருந்து ஏஜென்ட் அனுப்பிய லிங்க்கில் கட்டியிருந்தார். காப்பீட்டு நிறுவனத்தைப் பொறுத்தவரை கட்டியவர் அப்பா. அப்பாவுக்கோ வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லை.

அந்த வருஷத்துக்கு நான் ஆபீஸில் அதை ஏற்கவில்லை. ரிட்டர்னில் எடுக்கலாமா என்பதை ஆடிட்டரிடம் கேட்கச் சொன்னேன். அடுத்த புதுப்பிப்பில் மகனே தன் கணக்கிலிருந்து நேராகக் கட்டினார். ஃபோல்டரில் இப்போது 80டி சான்றும், அவருடைய வங்கி ஸ்டேட்மென்ட்டில் அந்த ஒரு வரி தெரியும் பக்கமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கட்டியவர் பெயரும் சான்றிலுள்ள பெயரும் வேறாக இருக்கும் எந்த ரசீதுக்கும் இந்த ஜோடியைச் சேர்த்து வையுங்கள்.

ஏஜென்ட் வீட்டுக்கு வந்து ரொக்கமாக வாங்கிப்போகும் பழக்கம் ஆற்காடு, வாலாஜா பக்கம் இன்னும் இருக்கிறது. ஏஜென்ட் தன் கணக்கிலிருந்து ஆன்லைனில் கட்டிவிட்டு ரசீது அனுப்புவார். பார்க்க எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தை ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. முன்தடுப்பு உடல் பரிசோதனைக்கு மட்டும், 5,000 ரூபாய் வரை, ரொக்கம் செல்லும்.

## அறிகுறி 2: ஃபைல் இருக்கிறது, திறக்கவில்லை

பாஸ்வேர்டு கேட்கிறது. அனுப்பிய மெயிலின் அடிப்பகுதியில் பாஸ்வேர்டு அமைப்பு எழுதியிருக்கும். முதலில் அதைப் படியுங்கள். உங்கள் வருமானம் பற்றித் துறையிடம் உள்ள தகவலைக் காட்டும் ஏஐஎஸ் அறிக்கையை வருமான வரித் தளத்திலிருந்து இறக்கினால், அந்த பிடிஎஃப்புக்கு பான் எண்ணைச் சிறிய எழுத்தில் போட்டு, இடைவெளி விடாமல் பிறந்த தேதி. பான் ABCDE1234F, பிறந்த நாள் 15-8-1978 என்றால் `abcde1234f15081978`. பலர் பான் எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு "தளம் கோளாறு" என்கிறார்கள்.

திறந்ததும் கம்ப்யூட்டரில் குரோமில் வைத்து அச்சிடு என்பதை அழுத்தி `Save as PDF` கொடுத்தால் பாஸ்வேர்டு இல்லாத நகல் கிடைக்கும். அந்த நகலில் டிஜிட்டல் கையெழுத்து போய்விடும், ஆகையால் மூல ஃபைலையும் விடாமல் வையுங்கள். பாஸ்வேர்டை மட்டும் ஃபைல் பெயரிலேயே எழுதி வைக்காதீர்கள். அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

பாஸ்வேர்டு கேட்காமலே திறக்க மறுக்கிறது. ஃபைல் அளவைப் பாருங்கள். சாதாரணமாக ஒரு பக்க ரசீது சில பத்து கேபி-யாவது இருக்கும். 0 கேபி என்றால் இறக்கம் பாதியில் அறுந்திருக்கிறது. 3 அல்லது 4 கேபி என்றால் ரசீதுக்குப் பதில் அந்தத் தளத்தின் உள்நுழைவுப் பக்கம்தான் பிடிஎஃப் என்ற பெயரில் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டுக்கும் தளத்தில் உள்நுழைந்து புதிதாக இறக்குவதே மருந்து.

ஃபைலே இல்லை, எஸ்எம்எஸ்ஸில் வந்த லிங்க்கை மட்டும் சேமித்திருக்கிறீர்கள். அந்தக் குட்டி லிங்க்குகள் சில நாளில் செத்துவிடும். தளத்தில் பாலிசி எண்ணையோ பதிவு எண்ணையோ கொடுத்து எடுக்க முயலுங்கள். முடியாவிட்டால் நேரில்தான். மருத்துவமனை பில் என்றால் நோயாளியின் பதிவு எண்ணைக் கையோடு கொண்டுபோங்கள். பெயரையும் தேதியையும் மட்டும் சொல்லி வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி கவுன்டரில் நின்றால் அரை நாள் போய்விடும்.

## அறிகுறி 3: சேமித்தது நன்றாக நினைவிருக்கிறது, தேடினால் வரவில்லை

`DOC-20250612-WA0007.pdf`, `Receipt (3).pdf`, `download.pdf`. இப்படிப் பெயரிருந்தால் சேமித்த ஆளுக்கே தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கவேண்டியதுதான்.

இப்போதைக்குச் செய்யவேண்டியது: வாட்ஸ்அப் பெயரில் தேதி ஒளிந்திருக்கிறது. 20250612 என்றால் 2025 ஜூன் 12. வங்கி ஸ்டேட்மென்ட்டை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு அந்தத் தேதிக்கு முன்பின் என்ன கட்டினீர்கள் என்று பார்த்தால் எது எதுவென்று பிடிபட்டுவிடும். பிடிபட்டதும் பெயரை மாற்றுங்கள். நான் எல்லோருக்கும் சொல்லித்தரும் அமைப்பு இது:

```
2025-06-12_health-premium_appa-amma_38400.pdf
```

பணம் கட்டிய தேதி, எதற்கு, யாருக்கு, எவ்வளவு. வருஷத்தை முன்னால் போட்டால் ஃபோல்டர் தானாகவே தேதி வரிசையில் நிற்கும், தொகை பெயரிலேயே இருப்பதால் திறக்காமலே கூட்டலாம். வரிக்கு ஒரு உள்ஃபோல்டர், ஆபீஸ் செலவுக்கு ஒரு உள்ஃபோல்டர் போதும். அதற்கு மேல் பிரித்தால் எதில் போடுவது என்ற குழப்பத்திலேயே ரசீது போனின் டவுன்லோடில் தங்கிவிடும்.

ஃபோல்டருக்கு "80சி", "80டி" என்று பிரிவு எண்ணைப் பெயராக வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் எல்லாம் மாறுகின்றன. காப்பீடு, பள்ளி, வாடகை என்று பொருளால் பெயர் வைத்தால் சட்டம் எத்தனை முறை மாறினாலும் கவலையில்லை.

## அறிகுறி 4: ரசீதுகளைக் கூட்டினால் ஒரு தொகை, ஆபீஸ் ஏற்றுக்கொண்டது வேறு தொகை

ஆபீஸ் தொகை குறைவாக இருந்தால் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில், ஒரே ரசீது இரண்டு முறை. மெயிலில் ஒரு பிரதி, வாட்ஸ்அப்பில் ஒரு பிரதி, இரண்டும் வெவ்வேறு பெயரில். ரசீது எண்ணை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். தொகையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், மாதப் பிரீமியம் எல்லா மாதமும் ஒரே தொகைதான். அந்தத் தொகையும்கூட 2025-26-ல் நடுவில் மாறியிருக்கலாம். தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது. அதற்கு முன்னால் கட்டிய ரசீது கூடுதலாகவும் பின்னால் கட்டியது குறைவாகவும் இருந்தால் பதறவேண்டாம்.

அடுத்து, மார்ச்-ஏப்ரல். எந்த வருஷத்தில் பணம் கட்டினீர்களோ அந்த வருஷத்துக்குத்தான் கழிவு. மார்ச் 28 தவணையைச் சலுகை நாளில், ஏப்ரல் 5-ல் கட்டினால் அந்த ரசீது அடுத்த வருஷ ஃபோல்டருக்குப் போகவேண்டும். தவணை தேதியைப் பார்த்து முந்தைய வருஷத்தில் போடுவது நான் அடிக்கடி காணும் தவறு.

மூன்றாவது, பல வருஷப் பாலிசி. மூன்று வருஷத்துக்குச் சேர்த்து மருத்துவக் காப்பீடு எடுத்து 60,000 கட்டினால் அந்த வருஷமே முழுவதையும் எடுக்க முடியாது. வருஷத்துக்கு 20,000 என்று பிரித்துத்தான். ஒரே ரசீதை மூன்று வருஷ ஃபோல்டரிலும் நகலெடுத்துப் போடவேண்டியது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். போடாமல் விட்டால் இரண்டாம் வருஷம் பணமே கட்டாததால் ஸ்டேட்மென்ட்டில் தேடினாலும் வராது, நினைவும் வராது. நாற்பதாயிரம் ரூபாய்க் கழிவு சத்தமில்லாமல் போய்விடும்.

இவை எதுவும் இல்லை என்றால் உச்சவரம்பு. 80சி-யில் பிஎஃப், எல்ஐசி, பள்ளிக் கட்டணம், வீட்டுக் கடன் அசல் எல்லாம் சேர்ந்தே 1,50,000 தான். பிஎஃப் மட்டும் பாதியைத் தின்றிருக்கும்.

நன்கொடை ரசீதை ஆபீஸ் மொத்தமாக ஒதுக்கிவிட்டதா? பெரும்பாலான ஆபீஸ்களில் அப்படித்தான். அதை ரிட்டர்னில் எடுக்கவேண்டும். அதற்கு வெறும் ரசீது போதாது, வாங்கிய அறக்கட்டளை தரும் 10பிஇ சான்று வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் எந்தச் சான்றும் உதவாது.

## அறிகுறி 5: வாடகை ரசீதை ஏற்க மறுக்கிறார்கள்

வீட்டுக்காரருடைய பான் இருக்கிறதா பாருங்கள். வருஷ வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால், அதாவது மாதம் 8,333-க்கு மேல் போனால், ஆபீஸுக்கு அது வேண்டும். காட்பாடி, சத்துவாச்சாரியில் இரண்டு படுக்கையறை வீடு என்றால் இந்த வரம்பைத் தாண்டாமல் இருப்பது கஷ்டம்.

பான் இருந்தும் திருப்பினால், பணம் யாருக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். ஒப்பந்தம் வீட்டுக்காரர் பெயரில், யூபிஐ போவது அவர் மகன் எண்ணுக்கு. இதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட மாத ரசீது இருந்தால் சமாளிக்கலாம், அடுத்த மாதத்திலிருந்து நேராக அவர் கணக்குக்கே அனுப்பிவிடுங்கள். பன்னிரண்டு ரசீதையும் ஒரே நாளில் ஒரே பேனாவில் எழுதி வாங்கி வருபவர்களும் உண்டு. மையைப் பார்த்தாலே தெரியும். பக்கத்தில் பன்னிரண்டு வங்கி வரிகள் இருந்தால் நான் ஒன்றும் கேட்பதில்லை.

வீட்டுக்காரர் பான் தர மறுத்தால் அங்கே நிறுத்துங்கள். யாரோ ஒருவருடைய பான் எண்ணைப் போடுவது, சொந்தக்காரர் பெயரில் ரசீது தயாரிப்பது என்று யோசனை சொல்ல ஆட்கள் இருப்பார்கள். அந்த வாடகை அந்தப் பான்காரரின் வருமானமாகக் கணக்கில் ஏறும், அவர் காட்டாவிட்டால் இரண்டு பேருக்கும் கடிதம் வரும். ஆடிட்டரிடம் போங்கள்.

## அறிகுறி 6: ஆபீஸ் செலவு கிளெய்ம் நிலுவையில் கிடக்கிறது

பில் படத்தில் எழுத்தே தெரியவில்லை. பெட்ரோல் பங்க், ஹோட்டல், பார்க்கிங் பில் எல்லாம் வெப்பத்தில் அச்சாகும் தாள். மே மாதம் வேலூர் வெயிலில் காரின் டேஷ்போர்டில் விட்டால் ஒரே வாரத்தில் கறுத்தோ வெளுத்தோ போகும். லேமினேட் செய்தால் அந்தச் சூட்டிலேயே முழுக்கக் கறுத்துவிடும், அதைச் செய்யவே செய்யாதீர்கள். வாங்கிய இடத்திலேயே டிரைவ் ஆப்பில் ஸ்கேன் எடுத்து அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே வெளுத்ததை நிழலில், சாய்வான வெளிச்சத்தில் படமெடுத்து, போனில் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிப் பாருங்கள். தேதியும் தொகையும் தெரிந்தால் பலசமயம் போதும். தெரியாவிட்டால் கடையில் மறுபிரதி கேட்கலாம். கார்டில் கட்டியிருந்தால் ஸ்டேட்மென்ட் வரியை இணைத்து மேலாளரிடம் ஒப்புதல் வாங்குவது அடுத்த வழி.

டோல் தொகை சேரவில்லை. சென்னைக்குக் காரில் போய்வந்தால் வாலாஜா, ஸ்ரீபெரும்புதூர் என்று சுங்கச்சாவடிகள். ஒவ்வொன்றுக்கும் எஸ்எம்எஸ் வரும், சில வராமலும் போகும். எஸ்எம்எஸ் ஸ்க்ரீன்ஷாட்களைச் சேர்ப்பதை விட்டுவிடுங்கள். ஃபாஸ்டேக் தந்த வங்கியின் தளத்தில் பயணத் தேதிக்கு மட்டும் ஸ்டேட்மென்ட் எடுத்தால் சாவடிப் பெயர், நேரம், தொகை மூன்றும் ஒரே தாளில் இருக்கும். திரும்பும் வழியில் 24 மணி நேரச் சலுகையால் தொகை குறைந்திருப்பதும் அதில் தெரியும்.

ஹோட்டல் பில் திரும்புகிறது. தங்கும்போது கம்பெனி பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் கொடுத்தீர்களா? உங்கள் சொந்தப் பெயரில் மட்டும் இருந்தால், அறையைக் காலி செய்த அன்றே மெயில் அனுப்பி மாற்றிக் கேளுங்கள். மாதம் முடிந்து அவர்கள் ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்துவிட்டால் மாற்ற ஒப்ப மாட்டார்கள்.

## அறிகுறி 7: போன் மாற்றினேன், ஃபோல்டர் காலி

பெரும்பாலும் வேறு ஜிமெயில் கணக்கில் நுழைந்திருப்பீர்கள். டிரைவில் வலது மேல் மூலையில் படத்தைத் தட்டிக் கணக்கை மாற்றிப் பாருங்கள். கணக்கு சரி என்றால், 15 ஜிபி இலவச இடம் நிரம்பி, சில மாதங்களாகவே எதுவும் ஏறாமல் நின்றிருக்கலாம். பழைய போன் கையில் இருந்தால் அதில் அப்படியே இருக்கும். அழித்தது என்றால் டிரைவ் குப்பைக்கூடையில் 30 நாள் வரை கிடைக்கும். அதற்குப் பிறகு அறிகுறி 1-ல் சொன்ன மெயில் தேடலும் தளங்களும்தான்.

## எப்போது ஆடிட்டரிடம் போவது

ஜனவரிக் கெடு தாண்டிப்போனது மட்டும்தான் பிரச்சினை என்றால் ஆடிட்டர் தேவையில்லை. ஆபீஸில் கொடுக்காமல் விட்ட காப்பீடு, பள்ளிக் கட்டணம், வாடகை எல்லாவற்றையும் கெடுவுக்குள் போடும் ரிட்டர்னில் பழைய முறையைத் தேர்ந்து எடுக்கலாம். கூடுதலாகப் பிடித்த வரி திரும்பி வரும். ரிட்டர்னோடு ரசீது எதையும் இணைக்கவேண்டியதில்லை. ஆனால் பாலிசி எண், காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் போன்ற விவரங்களைப் படிவமே கேட்கிறது, அதனால் ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

துறையிலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டாலும், பணம் கட்டியவர் யார் என்பதில் மேலே சொன்ன குடியாத்தம் மாதிரிச் சிக்கல் இருந்தாலும், வாடகைக்கு விட்ட வீடோ பக்கத்தொழிலோ இருந்தாலும், ஏஐஎஸ்ஸில் உங்களுக்குத் தெரியாத வருமானம் தெரிந்தாலும் நீங்களே எதையும் பதில் போடாமல் ஆடிட்டரைப் பாருங்கள். போகும்போது படிவம் 16, ஏஐஎஸ், ஏப்ரல் முதல் மார்ச் வரை முழு வங்கி ஸ்டேட்மென்ட், ரசீது ஃபோல்டர் நான்கையும் கொண்டுபோங்கள். ஃபோல்டரை லிங்க்காக அனுப்பினால் பார்வையிட மட்டும் அனுமதி கொடுத்து, வேலை முடிந்ததும் அனுமதியை எடுத்துவிடுங்கள். ஜூலை கடைசி வாரத்தில் போன் செய்தால் எடுக்கமாட்டார். படிவம் 16 ஜூன் 15-க்குள் கைக்கு வந்துவிடும் என்பதால் ஜூன் கடைசியிலேயே நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.